அத்தான் இரண்டாவது முறை கேட்டார்

கேள்வி: ஆடிட்டர் அலுவலகத்தில் பல வருடங்களாக கிளார்க் வேலை. அக்கா கணவருக்கு வருமான வரி ரிட்டர்ன் நான்தான் போடுவேன், காசு வாங்கியதில்லை. 2024 ஜூலை 28 அன்று அப்லோட் செய்தேன். அவர் செல் நம்பர் ஆதாரில் இணைக்கப்படாததால் ஓ.டி.பி. வரவில்லை. ‘அப்புறம் வெரிஃபை செய்துகொள்ளலாம், 120 நாள் இருக்கு’ என்று வாட்ஸ்அப்பில் சேமித்து வைத்திருக்கும் பதிலை அனுப்பினேன். எல்லா கிளையன்ட்டுக்கும் அதேதான். ‘/120’ என்று தட்டினால் வந்துவிடும். ஆகஸ்ட் நடுவில் அத்தான் ஒருமுறை ‘முப்பது நாள்னு போட்டிருக்கே தம்பி’ என்றார். வேலை மும்முரத்தில் அதே பதில் போனது. அக்டோபர் 10-ஆம் தேதி வெரிஃபை செய்தோம். இப்போது 5,000 ரூபாய் தாமதக் கட்டணம். பங்குகளில் வந்த 1,80,000 ரூபாய் குறுகிய கால நஷ்டத்தையும் அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக முடியாது என்கிறார்கள். விதி மாறியதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அக்கா பேசுவதில்லை. என் மேல் எவ்வளவு தவறு?

பதில்: யாரும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இரண்டு வரி முன்னால்தான் ஒருவர் சொல்லியிருக்கிறார். உங்கள் அத்தான் சொன்னார். எந்த வருடம், எந்தச் சட்டம் என்றெல்லாம் அவருக்குத் தெரியாது. வெரிஃபை ஆகாத ரிட்டர்னுக்கு வரும் ஐ.டி.ஆர்.-வி தாளில் முப்பது நாள் என்று அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு, தெரிந்தவரிடம் கேட்டார். தெரிந்தவர் அந்தத் தாளைப் பிரித்துப் பார்க்காமல் ‘/120’ என்று தட்டினார். முப்பது என்று வந்த கேள்விக்கு நூற்றிருபது என்று பதில் போகிறது, அப்போதும் உங்களுக்கு உறுத்தவில்லை. ஜூலையில் நடந்தது அறியாமை. ஆகஸ்டில் நடந்தது அலட்சியம். எவ்வளவு தவறு என்று கேட்டீர்கள். ஆகஸ்டில் நடந்தது முழுக்க உங்களுடையது.

அந்தப் பழைய பதில் இத்தனை நாள் எப்படித் தப்பித்தது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். 120 நாளை 30 நாளாகக் குறைத்த அறிவிக்கை 2022 ஜூலை 29 தேதியிட்டது. அந்த வருட ரிட்டர்ன் கெடு ஜூலை 31. எந்த ஆடிட்டர் அலுவலகத்திலும் அந்த இரண்டு நாளில் அறிவிக்கை படிக்க ஆள் இருந்திருக்காது. அதோடு, புதிய விதி ஆகஸ்ட் 1 முதல் அப்லோட் செய்த ரிட்டர்ன்களுக்குத்தான். ஜூலை 31 வரை போட்டவற்றுக்கு 120 நாள் தொடர்ந்தது. ஜூலை 31 அன்று போட்டவருக்கு நவம்பர் 28 வரை இருந்தது. ஆக அந்த சீசன் முடியும்வரை உங்கள் பதில் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகவே இருந்திருக்கும். அடுத்த வருடத்திலிருந்து எல்லோருக்கும் தவறு. ஆனாலும் புகார் வரவில்லை. அப்லோட் செய்த கையோடு ஆதார் ஓ.டி.பி. போட்டு முடித்துவிடுகிறவருக்கு 120 என்றாலும் ஒன்றுதான், 30 என்றாலும் ஒன்றுதான். கெடு தேவைப்படுவது ஓ.டி.பி. வராதவருக்கு மட்டும். அப்படி ஒருவர் வரும்வரை தவறான பதில் சரியான பதில் போலவே இருக்கும். வந்த ஒருவர் உங்கள் அத்தான்.

இப்போது கணக்கு. ஜூலை 28-இலிருந்து முப்பது நாள் என்றால் ஆகஸ்ட் 27. அதற்குள் வெரிஃபை செய்திருந்தால் ஜூலை 28-தான் தாக்கல் தேதி. தாண்டிவிட்டதால், வெரிஃபை செய்த அக்டோபர் 10-ஐத் தாக்கல் தேதியாக எடுத்துக்கொண்டார்கள். ஜூலை 31-க்குப் பிந்தையது என்பதால் 234எஃப் கட்டணம்; மொத்த வருமானம் ஐந்து லட்சத்தைத் தாண்டினால் 5,000, தாண்டாவிட்டால் 1,000. மூலதன நஷ்டத்தை அடுத்த எட்டு வருடங்களுக்குக் கொண்டுபோகும் உரிமை, கெடுவுக்குள் தாக்கல் செய்தவருக்கு மட்டும். பின்னால் அதே அளவு குறுகிய காலப் பங்கு லாபம் அவருக்கு வந்தால், 20 சதவீதத்தில் 36,000 ரூபாய் வரி, செஸ் தனி. 5,000 என்பது கண்ணில் படும் தொகை. பெரிய இழப்பு இந்த 36,000.

நீங்கள் எழுதாத ஒன்றையும் பாருங்கள். அவர் பழைய வரிமுறையில் போட்டிருந்தாரா? 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் புதிய முறைதான் இயல்பு. தொழில் வருமானம் இல்லாதவர் பழைய முறையைக் கேட்க வேண்டுமானால் கெடுவுக்குள் தாக்கல் செய்த ரிட்டர்னில்தான் கேட்க முடியும். பழைய முறையில் 80சி, வீட்டு வாடகைப் படி என்று கழித்திருந்தால், தாமதம் அதையும் தட்டிவிடும். வந்திருக்கும் அறிவிப்பில் வரியை எந்த முறையில் கணக்கிட்டிருக்கிறார்கள் என்று இன்றே பாருங்கள்.

சரிசெய்ய வழி உண்டா? ‘அப்டேட்டட் ரிட்டர்ன் போட்டுவிடலாம்’ என்று அலுவலகத்தில் யாராவது சொல்லுவார்கள். வேண்டாம். வரியைக் குறைக்கவோ ரீஃபண்ட் கேட்கவோ அதில் இடமில்லை. உங்களுக்குரிய வழி 119(2)(பி) பிரிவின்கீழ் தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனு. நஷ்டத்தை முன்னெடுத்துச் செல்லும் கோரிக்கையும் இதில் அடங்கும் என்று 2024 அக்டோபர் 1 தேதியிட்ட 11-ஆம் எண் சுற்றறிக்கை சொல்கிறது. ஒரு ஆண்டுக்கான கோரிக்கை ஒரு கோடிக்குள் இருந்தால் முதன்மை வருமான வரி ஆணையர் அல்லது ஆணையர் மட்டத்திலேயே முடிவு செய்யலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து வருடம் வரை மனு செய்ய முடியும். உங்கள் விஷயத்தில் 2030 மார்ச் 31. ஏற்பதும் மறுப்பதும் ஆணையர் கையில். நியாயமான காரணமும் உண்மையான இடரும் இருந்தனவா என்று பார்ப்பார்.

அந்தக் காரணம் என்ன? நீங்கள்தான். மனுவில் அத்தான் ‘உடல்நலம் சரியில்லை’, ‘ஊரில் இல்லை’ என்றெல்லாம் எழுத வேண்டாம். உண்மையை எழுதட்டும்: குறித்த நேரத்தில் அப்லோட் ஆனது, ஓ.டி.பி. வரவில்லை, கெடு பற்றிச் சந்தேகம் வந்து கேட்டார், ஆடிட்டர் அலுவலக ஊழியர் தவறான கெடுவை இரண்டு முறை சொன்னார். அதற்குச் சான்று உங்கள் இரண்டு வாட்ஸ்அப் செய்திகள். தேதியும் நேரமும் தெரியும்படி அச்செடுத்து இணையுங்கள். அத்தானின் கேள்வியும் அதில் இருக்க வேண்டும், அவர் அசட்டையாக இல்லை என்பதற்கு அதுதான் ஆதாரம். தவறான தகவல் கொடுத்தது நான் என்று நீங்கள் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் ஒன்றும் கூடவே போகட்டும். முப்பது நாள் கடந்து வெரிஃபை செய்யும்போது போர்ட்டல் தாமதத்துக்குக் காரணம் கேட்கும். அக்டோபர் 10 அன்று அந்தக் கட்டத்தில் என்ன எழுதினீர்கள் என்று `Services > Condonation Request` பகுதியில் பார்த்துவிட்டு மனுவை எழுதுங்கள். அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று இருந்தால் ஆணையர் முதலில் கேட்பது அதைத்தான்.

ஆடிட்டருக்குத் தெரிந்தால் வேலை என்ன ஆகுமோ என்று தயங்குவீர்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். ஆனால் கையெழுத்துப் போடாமல் இருக்காதீர்கள். அக்கா வீட்டு வேலையைக் காசு வாங்காமல் செய்கிறேன் என்று எழுதியிருப்பதை நீங்கள் பெருமையாக நினைக்கிறீர்கள். காசு கொடுத்த கிளையன்ட்டாக இருந்தால் அவர் இன்னொரு ஆடிட்டரிடம் போய்க் கேட்டிருப்பார். மைத்துனன் சொன்னான் என்பதால் அத்தான் வேறு எங்கும் கேட்கவில்லை. உறவுக்காரருக்குச் செய்யும் வேலையில் கூடுதல் கவனம் வேண்டும் என்பது இதனால்தான். அந்த 5,000 ரூபாயை நீங்கள் கொடுங்கள். பாதிப் பாதி என்ற பேச்சு வேண்டாம். போனிலும் வேண்டாம், நேரில் போய் அக்கா முன்னாலேயே அத்தானிடம் கொடுங்கள். மனுவின் வரைவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

அடுத்து அந்த ‘/120’. அதில் எண்ணை மட்டும் மாற்றி ‘/30’ ஆக்கினால் போதாது. தபாலில் ஐ.டி.ஆர்.-வி அனுப்பும் கிளையன்ட்டுகளுக்கு என்ன சொல்கிறீர்கள்? 2022 அறிவிக்கையின்படி ஸ்பீடு போஸ்டில் அனுப்பிய தேதி முப்பது நாளுக்குள் இருந்தால் போதும். 2024 மார்ச் 31 தேதியிட்ட அறிவிக்கை அதையும் மாற்றிவிட்டது. பெங்களூரு மையத்துக்குத் தாள் போய்ச் சேர்ந்த தேதிதான் கணக்கு. இருபத்தொன்பதாம் நாள் தபாலில் போட்டு ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பவருக்கும் தாமதம்தான். எண்ணைத் திருத்திய கிளார்க்கும் இங்கே சறுக்குவார். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறை. பிரிவு எண்களே மாறிவிட்டன. சேமித்து வைத்த பதில்கள் எல்லாவற்றையும் ஒருமுறை கொட்டிப் பார்க்க வேண்டிய நேரம் இது.

இனி எழுதும் பதிலில் நாள் கணக்கு வேண்டாம். அப்லோட் ஆன தேதியைப் பார்த்து, கடைசித் தேதியை எண்ணி, ‘ஆகஸ்ட் 27-க்குள்’ என்று தேதியாகவே எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக எண்ண வேண்டியிருப்பதால் ஒவ்வொரு முறையும் ஐ.டி.ஆர்.-வியைத் திறந்தாக வேண்டும். திறந்தால் அதில் அச்சிட்டிருப்பது கண்ணில் படும். சேமித்த பதிலின் அடியில் எந்த அறிவிக்கை, எந்தத் தேதி முதல், கடைசியாகச் சரிபார்த்தது எப்போது என்று மூன்றும் இருக்கட்டும். வருடா வருடம் சீசன் தொடங்கும் முன் மூன்றாவதைப் புதுப்பியுங்கள். புதுப்பிக்க நேரமில்லாத பதிலை நீக்கிவிடுங்கள். ஓ.டி.பி. வராதவரை வெறுங்கையோடு அனுப்பவும் வேண்டாம். நெட் பேங்கிங் வழியாகவோ, முன்பே சரிபார்த்த வங்கிக் கணக்கு அல்லது டீமேட் கணக்கு வழியாகவோ அப்போதே வெரிஃபை செய்ய முடியும். உங்கள் அத்தானுக்கு டீமேட் கணக்கு கண்டிப்பாக இருந்திருக்கும், பங்கு விற்றவர் அல்லவா? அதை அன்று கேட்டிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

கடைசியாக, ‘எல்லா கிளையன்ட்டுக்கும் அதேதான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். 2022 ஆகஸ்ட் 1-க்குப் பிறகு அந்தப் பதில் போன ஒவ்வொருவரையும் வாட்ஸ்அப்பில் தேடி எடுங்கள். அவர்கள் கணக்கில் `e-File > Income Tax Returns > View Filed Returns` திறந்து, அப்லோட் தேதியையும் வெரிஃபை ஆன தேதியையும் ஒப்பிடுங்கள். முப்பதைத் தாண்டியவர்களையும், இன்னும் வெரிஃபை ஆகாமலே கிடப்பவர்களையும் பட்டியலிட்டு ஆடிட்டர் மேஜையில் வையுங்கள். ஆளுக்கொரு மனு தேவைப்படலாம். ஐந்து வருடக் கெடு ஒவ்வொருவருக்கும் அவரவர் ஆண்டைப் பொறுத்தது. 2022-23 மதிப்பீட்டு ஆண்டுக்காரர்களுக்கு 2028 மார்ச் 31-உடன் முடிந்துவிடும். அவர்களிலிருந்து தொடங்குங்கள்.