சொற்பட்டியலிலிருந்து குறுக்கெழுத்துக் கட்டம்

கேள்வி: பள்ளி ஆண்டு மலருக்காக 30 ஊர்ப்பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன். இணையத்தில் கிடைத்த கருவியில் போட்டால் 'கு' என்ற எழுத்து இரண்டு கட்டங்களாக உடைகிறது. ஒருவர் 4,000 ரூபாய்க்கு மென்பொருள் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். இப்படி விற்பவர்கள் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களை வைத்துத்தான் செய்து காட்டுவார்கள். உங்கள் பட்டியலைக் கொடுத்து, கண்ணெதிரே போடச் சொல்லுங்கள். அங்கேயே தெரிந்துவிடும்.

கோளாறு இதுதான். கணினி 'கு'வை ககரம் ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டாகச் சேமிக்கிறது. 'ராமநாதபுரம்' நமக்கு 7 எழுத்து, கணினிக்கு 11. யூனிகோடு வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் ஓர் எழுத்தை ஓர் எழுத்தாக எண்ணக்கூட நாமே சொல்லிக்கொடுக்க வேண்டியிருப்பது வேதனைதான். பைத்தான் தெரிந்த மாணவர் யாராவது இருந்தால், சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிக்கும் இந்த நிரலைக் கொடுங்கள். `pip install regex` என்று முதலில் நிறுவிக்கொள்ள வேண்டும்.

```python
import regex, unicodedata
def piri(sol):
    s = unicodedata.normalize("NFC", sol.strip())
    a = regex.findall(r"க்ஷ[\u0BBE-\u0BCD]?|\X", s)
    return [x.replace("\u200c", "") for x in a]
```

இதில் 'க்ஷ'வைத் தனியாகச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். ஓர் எழுத்தை அதன் குறியோடு சேர்த்து எடுப்பது `\X`. அதை மட்டும் போட்டால் 'க்ஷ', 'க்', 'ஷ' என்று பிரிந்துவிடும். 'லக்ஷ்மி'யில் அது ஒரே எழுத்து. 'ரிக்‌ஷா'வில் பலர் இரண்டாக எழுதுகிறார்கள். அப்படி எழுதும்போது நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி இருக்கும். அதை நீக்காவிட்டால், பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும் இரண்டு 'க்' பொருந்தாமல் போகும். ஏன் சேரவில்லை என்று மணிக்கணக்கில் தேடுவீர்கள். அதனால்தான் முதலில் பிரித்து, பிறகு அந்தக் குறியை நீக்குகிறோம்.

இனி அடுக்குவது. மேலே உள்ள நிரல் எழுத்தைப் பிரிக்க மட்டும்தான். அடுக்கும் நிரலை மாணவர் இந்த முறைப்படி எழுத வேண்டும். நீளமான சொல்லை முதலில் வையுங்கள். 'ராமநாதபுரம்' இடமிருந்து வலம். நான்காம் எழுத்தான 'த'விலிருந்து 'தஞ்சாவூர்' கீழே இறங்கட்டும். அடுத்து 'நாமக்கல்'. மூன்றாம் எழுத்தான 'நா'விலிருந்து இறக்கத் தோன்றும். இறக்கினால் அதன் 'ம', தஞ்சாவூரின் 'ஞ்'ஐ ஒட்டி நின்று, குறிப்பே இல்லாத 'மஞ்' உருவாகிவிடும். அதனால் அதை விட்டு, இரண்டாம் எழுத்தான 'ம'வில் சேருங்கள். 'நா' ஒரு வரிசை மேலே ஏறும். மற்றவை கீழே இறங்கும். இரண்டு சொற்களுக்கும் நடுவே ஒரு பத்தி காலியாக நிற்கும்.

இப்போது 'கரூர்'. தஞ்சாவூரின் கடைசி 'ர்'இல் வந்து முடியும்படி இடமிருந்து வலமாக வைக்கலாம் போலிருக்கிறது. ஆனால் அதன் 'க', நாமக்கல்லின் 'ல்'லுக்கு நேர் கீழே விழுந்து 'நாமக்கல்க' ஆகிவிடும். எனவே அந்த இடம் செல்லாது. சோதிக்க வேண்டியவை இவ்வளவே: சந்திக்கும் கட்டத்தில் அதே எழுத்து இருக்க வேண்டும். சொல்லின் தலைக்கு முன்னும் வாலுக்குப் பின்னும் காலியாக இருக்க வேண்டும். புதிதாக எழுதும் ஒவ்வொரு கட்டத்தின் இரு பக்கமும் காலியாக இருக்க வேண்டும். இலவசக் கருவிகளில் பல கடைசிச் சோதனையைச் செய்வதில்லை. கட்டத்தில் அர்த்தமில்லாத துண்டுகள் தென்பட்டால் காரணம் இதுதான்.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஊர்ப்பெயர்கள் பெரும்பாலும் 'ம்', 'ர்', 'ல்' என்று மெய்யில் முடியும். தமிழ்ச் சொல் மெய்யில் தொடங்காது. ஆகவே அந்தக் கடைசிக் கட்டத்திலிருந்து புதுச் சொல் எதையும் இறக்க முடியாது. சிதம்பரம் போன்ற சொல்லின் நடுவிலோ முடிவிலோ உள்ள மெய்யைத்தான் அங்கே பொருத்தலாம். நம் பத்திரிகைப் புதிர்களில் வரும் 'கீழிருந்து மேல்', 'வலமிருந்து இடம்' இந்த இடத்தில் கைகொடுக்கும். ராமநாதபுரத்தின் 'ம்'இல் 'சேலம்' கீழிருந்து மேலாக வந்து முடியட்டும். 'ம்'க்குக் கீழே 'ல', அதற்குக் கீழே 'சே'. பட்டியலில் மதுரை, தூத்துக்குடி போல உயிர்மெய்யில் முடியும் பெயர்கள் கலந்திருந்தால் வேலை இன்னும் எளிது.

ஒரு சொல்லுக்குப் பல இடங்கள் கிடைத்தால், அதிகச் சொற்களைச் சந்திக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இடம் கிடைக்காததை ஒதுக்கிவைத்து, மற்றவை முடிந்ததும் மறுபடி முயலுங்கள். சொற்களின் வரிசையைக் கலைத்துச் சில நூறு முறை நிரலை ஓட்டி, அதிகச் சொற்கள் அமைந்த கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

மலர்க்குழுவில் யாராவது 15-க்கு 15 சதுரம், கறுப்புக் கட்டங்கள் இருபுறமும் ஒத்திருக்க வேண்டும் என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். அதற்குப் பல்லாயிரம் சொற்கள் கொண்ட அகராதி வேண்டும். 30 பெயர்களில் கிளைவிட்டுப் பரவிய கட்டம்தான் வரும். இரண்டு மூன்று பெயர்கள் கடைசி வரை ஒட்டாமலும் போகலாம். அவற்றுக்குப் பதிலாக 'பழநி', 'தேனி' போன்ற குட்டிப் பெயர்களைச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள்.