ஸ்கிரிப்டா, மாடலா? சாட்பாட் கேள்வி-பதில்

பழைய ஸ்கிரிப்ட் பாட்டில் மொழி மாடலைச் சேர்க்கப் போகிறோம். எதையெல்லாம் ஸ்கிரிப்டாகவே விடுவது?

தப்பாகிவிட்டால் "மன்னிக்கவும்" சொல்லிச் சரிக்கட்ட முடியாத எதையும். பணம் நகரும் இடம், ஆள் யாரென்று உறுதிசெய்யும் இடம், அழித்தால் திரும்ப வராத இடம். மற்றபடி, வந்தவர் என்ன கேட்கிறார் என்று புரிந்துகொள்வதை மாடலிடம் தாராளமாகக் கொடுங்கள். அதில் உங்கள் பழைய சொல்பட்டியல் அதன் பக்கத்தில்கூட நிற்காது.

டெம்பரேச்சரை 0 ஆக்கிவிட்டோம். இனி மாடலும் ஸ்கிரிப்ட் மாதிரிதானே?

இல்லை. அதே கேள்விக்குப் பெரும்பாலும் அதே பதில் வரும், அதற்கும் உத்தரவாதம் கிடையாது. கேட்பவர் ஒரு சொல்லை மாற்றிப் போட்டாலே பதில் மாறலாம். தவிர, ஒரே தப்பைத் தினமும் மாறாமல் சொல்வதால் அது சரியாகிவிடாது.

ஆர்டர் ரத்து செய்வதை முழுக்க மாடலிடம் விட்டோம். உறுதி கேட்ட பிறகே ரத்து செய் என்று பிராம்ப்டில் மூன்று இடத்தில் எழுதியும், சில சமயம் "ரத்து செய்துவிட்டேன்" என்கிறது, ஆனால் ஆர்டர் அப்படியே இருக்கிறது. பிராம்ப்டை எப்படி மாற்றுவது?

பிராம்ப்டைத் தொடாதீர்கள். மூன்று இடத்தில் எழுதியது போதவில்லை என்று நான்காவது இடம் தேடும் கடிதம் மாதாமாதம் வருகிறது, எனக்கும் அலுத்துவிட்டது. "ஆமாம், ரத்து பண்ணுங்க" என்ற வரிக்கு அடுத்து இயல்பாக வரக்கூடிய வரி "ரத்து செய்துவிட்டேன்" என்பதுதான், மாடல் அதை எழுதுகிறது. ஏபிஐ ஓடியதா இல்லையா என்பது அந்த வரியை எந்த வகையிலும் கட்டுப்படுத்தவில்லை.

மாடலின் வேலையை இவ்வளவோடு நிறுத்துங்கள்:

```json
{"intent": "cancel_order", "order_id": "48213"}
```

இதில் `confirmed` என்று ஒரு புலம் இல்லை என்பதைக் கவனியுங்கள். உறுதியை மாடல் ஊகிக்கக் கூடாது, அதனால் அதற்கு இடமே கொடுக்கவில்லை. இனி எல்லாம் ஸ்கிரிப்ட். அந்த எண் வந்தவர் தட்டிய வரியில் அப்படியே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஏனென்றால் எண் சொல்லாதவருக்கும் மாடல் ஓர் எண்ணைக் கற்பனையாக உருவாக்கிக் கொடுத்துவிடும். அப்புறம் அந்த ஆர்டர் உள்நுழைந்திருப்பவருடையதா, ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டு, ஆர்டர் எண்ணும் தொகையும் போட்ட ஒரே மாறாத வாக்கியத்தைக் காட்டி, கீழே இரண்டு பட்டன் வையுங்கள். ஏபிஐ வெற்றி என்று சொன்னால் ஒரு வாக்கியம், தோல்வி என்றால் வேறொன்று, பதிலே வராமல் நேரம் கடந்தால் மூன்றாவது. அந்த மூன்றாவதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

சரியாக நடக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், "ரத்தாகிவிட்டது" என்று சொன்ன உரையாடல்களை எடுத்து, ஏபிஐ லாகில் உள்ள வெற்றிகளோடு ஒன்றுக்கொன்று பொருத்திப் பாருங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் அந்த வாக்கியத்தை இன்னும் மாடல்தான் எங்கோ சொல்லிக்கொண்டிருக்கிறது.

உறுதி கேட்கும்போது பாதியில் வேறு ஏதாவது கேட்கிறார்கள். ஃப்ளோவை நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம், ஓரமாக வையுங்கள். "48213-ஐ ரத்து செய்யவா?" என்று ஸ்கிரிப்ட் கேட்கிறது, அவர் "பணம் எப்ப வரும்?" என்கிறார். மாடல் பதில் சொல்கிறது. அவர் "சரி" என்று தட்டுகிறார். எதற்குச் சரி? பணம் வரும் நாள் புரிந்தது என்பதற்காகவும் இருக்கலாம், அதைச் சம்மதமாக எடுத்து ரத்து செய்துவிட்டால் சண்டைக்கு வருவார், நியாயமும் அவர் பக்கம்தான். ஆகவே விதி இதுதான்: பாட் கடைசியாகச் சொன்னது அந்த உறுதிக் கேள்வியாக இருந்தால் மட்டுமே "சரி" செல்லும். நடுவில் மாடல் ஒரு வரி பேசியிருந்தாலும் கேள்வியை எண்ணோடு முழுதாகத் திரும்பக் கேளுங்கள். பழைய பட்டன்களும் செத்துவிட வேண்டும், மேலே உருட்டிப் போய் அமுக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

ரீஃபண்ட் விதிகளை மாடலே தன் வார்த்தையில் விளக்கலாமா?

விளக்கட்டும், ஆனால் நாள் கணக்கு, தொகை, யாருக்குப் பொருந்தும் என்பதெல்லாம் உங்கள் ஆவணத்தில் உள்ள வரியாகவே வரட்டும். 2024-இல் கனடாவில் ஏர் கனடா வழக்கு ஞாபகம் இருக்கும். துக்கத்துக்குப் போகிறவர்களுக்கான கட்டணச் சலுகையைப் பயணம் முடிந்தபின் கோரலாம் என்று பாட் தப்பாகச் சொன்னது. சரியான விதி எங்கள் தளத்திலேயே இருந்தது என்ற வாதம் எடுபடவில்லை, பாட் சொன்னதற்கு நிறுவனம்தான் பொறுப்பு என்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. தொகை என்னவோ சில நூறு டாலர்தான்.

எங்கள் பாட் சரியாக வேலை செய்யவில்லை. மாடலை மாற்றலாமா?

எந்தப் படியில், எந்த வரிக்கு, என்ன பதில் வந்தது? ஒன்றுமே எழுதவில்லை. லாகோடு வாருங்கள்.

ஓடிபியை மாடல் படித்தால் என்ன?

ஆறு இலக்கத்தைச் சரிபார்க்க மாடல் எதற்கு? அந்தப் படியில் வருவது மாடலுக்கே போகக் கூடாது, உரையாடல் வரலாற்றிலும் மறைத்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.