அடித்தது நிரூபணமானாலும் பிள்ளையைத் திருப்பி அனுப்புவார்களா?

கேள்வி: கணவர் அடிக்கிறார் என்று ஒரு அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு நாட்டுக்கு வந்துவிட்டார். ஹேக் ஒப்பந்தப்படி பிள்ளையைத் திருப்பி அனுப்பியே ஆகணும் என்கிறார்கள். அடித்ததை நிரூபித்தாலுமா?

அனுப்பவும் செய்யலாம், மறுக்கவும் செய்யலாம். நான் நியூயார்க்கில் குடும்ப வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர். இந்த வகை வழக்கோடு வருகிறவர்கள் எல்லாரும் அடித்ததற்கான ஆதாரத்தைத்தான் முதலில் மேசைமேல் வைப்பார்கள். அது வேண்டியதுதான், ஆனால் வழக்கு அதோடு முடிவதில்லை. ஏன் என்று புரிய, ஒப்பந்தம் என்ன கேட்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

1980 அக்டோபர் 25 தேதியிட்ட ஒப்பந்தம் இது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இருக்கின்றன. 16 வயது நிரம்பாத பிள்ளையை, அது வழக்கமாக வசித்த நாட்டிலிருந்து, மற்றவரின் கஸ்டடி உரிமையை மீறிக் கொண்டுபோனாலோ, போன இடத்தில் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டாலோ, அந்தப் பிள்ளை உடனே திரும்ப வேண்டும். அம்மாவிடம் வளர்வதா அப்பாவிடம் வளர்வதா என்பதை அந்த நாட்டு நீதிமன்றம்தான் தீர்மானிக்கும். பிள்ளை வந்து சேர்ந்த நாட்டு நீதிபதி பார்ப்பது, வழக்கு எங்கே நடக்க வேண்டும் என்பதை மட்டுமே. அவர் ஆறு வாரத்துக்குள் முடிவு சொல்லவில்லை என்றால், தாமதத்துக்குக் காரணம் கேட்கும் உரிமையையும் ஒப்பந்தம் கொடுக்கிறது.

இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயம்: திருப்பி அனுப்புவது என்றால் அந்த நாட்டுக்கு அனுப்புவது, அப்பாவின் கையில் ஒப்படைப்பது இல்லை. அம்மாவும் கூடவே போகலாம், தனி வீட்டில் பிள்ளையோடு இருக்கலாம். பெரும்பாலும் நீதிபதி மனதில் வைத்திருப்பதும் அதைத்தான்.

இந்த ஒப்பந்தத்தை எழுதிய காலத்தில், கஸ்டடி கிடைக்காத அப்பா கோபத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டுவதுதான் பொதுவான காட்சியாக இருந்தது. இன்றைக்கு வரும் வழக்குகளில் சுமார் நான்கில் மூன்று பங்கு, அம்மா பிள்ளையைக் கொண்டுபோன வழக்குகள். அவர்களில் பலர் அடிக்குப் பயந்து ஓடிவந்தவர்கள். ஒருவருக்காகத் தைத்த சட்டையை இன்னொருவருக்கு மாட்டுவது போன்ற சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

திருப்பி அனுப்ப மறுப்பதற்கான காரணங்கள் ஒப்பந்தத்திலேயே இருக்கின்றன. மற்றவர் முன்பே சம்மதித்தார், அல்லது பிறகு ஏற்றுக்கொண்டார். அவர் கஸ்டடி உரிமையை உண்மையில் பயன்படுத்தவே இல்லை. மனு போடுவதற்குள் ஓராண்டு தாண்டிவிட்டது, பிள்ளையும் புது ஊரில் வேரூன்றிவிட்டது. போதிய வயதும் பக்குவமும் உள்ள பிள்ளையே போக மறுக்கிறது. அனுப்புவது, பிள்ளை வந்து சேர்ந்த நாட்டின் அடிப்படை மனித உரிமைக் கோட்பாடுகளுக்கே விரோதம். கடைசியாகச் சொன்னது வெல்வது மிக அரிது. இவற்றை விட்டுவிடுகிறேன், உங்கள் கேள்வி 13ஆம் பிரிவில் உள்ள "கடும் ஆபத்து" பற்றியது. திரும்பினால் பிள்ளைக்கு உடலளவிலோ மனதளவிலோ தீங்கு நேரும் கடும் ஆபத்து இருந்தால், அல்லது வேறு வகையில் பிள்ளை தாங்கமுடியாத நிலைக்குத் தள்ளப்பட்டால், அனுப்பியே தீர வேண்டும் என்ற கட்டாயம் நீதிபதிக்கு இல்லை.

ஆபத்து பிள்ளைக்கு இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். அம்மாவை அடித்தார் என்பதிலிருந்து பிள்ளைக்கு ஆபத்து என்பதற்கு ஒரு பாலம் கட்ட வேண்டும். அமெரிக்காவில் இந்த எதிர்வாதத்துக்குச் சாதாரண சிவில் வழக்கைவிடக் கனமான ஆதாரம் வேண்டும் என்று 1988ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சம்மதம், ஓராண்டு போன்ற வாதங்களுக்கு அவ்வளவு தேவையில்லை.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 15 அன்று தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கு உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்தும். அம்மா அமெரிக்கர், அப்பா இத்தாலியர். 2015இல் மிலானில் திருமணம், அடுத்த ஆண்டு அங்கேயே மகன் பிறந்தான். 2018 ஜூலையில் தம்பியோ அண்ணனோ, கூடப்பிறந்தவரின் திருமணத்துக்கென்று மகனுடன் அமெரிக்கா வந்த அம்மா, ஆகஸ்டில் திரும்பிப் போகவில்லை. குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கான காப்பகத்தில் தங்கிவிட்டார். அப்பா இத்தாலியில் குற்றப் புகார் கொடுத்தார், கஸ்டடி வழக்கும் போட்டார், நியூயார்க்கில் ஹேக் மனுவும் போட்டார்.

விசாரணை நீதிபதி அம்மா சொன்னதை நம்பினார். தள்ளியது, அறைந்தது, முடியைப் பிடித்து இழுத்தது, கொன்றுவிடுவேன் என்று மிரட்டியது எல்லாம் தீர்ப்பில் இருக்கிறது. அவர் பையனை வேண்டுமென்று அடித்ததாக நிரூபணம் இல்லை. ஆனால் இதில் பலவும் அவன் கண் முன்னால் நடந்தவை. கோபத்தை அடக்கும் திறனோ செய்ததை ஒப்புக்கொள்ளும் மனமோ அப்பாவிடம் தெரியவில்லை என்பதையும் நீதிபதி எழுதினார். நான் சொன்ன பாலம் இப்படித்தான் கட்டப்படுகிறது. கடும் ஆபத்து நிரூபணமாயிற்று.

ஆனாலும் அதே நீதிபதி பிள்ளையைத் திருப்பி அனுப்ப உத்தரவிட்டார்!

காரணம், அந்தப் பகுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் வைத்திருந்த ஒரு விதி. ஆபத்து இருந்தாலும், பிள்ளை பத்திரமாகத் திரும்ப வழிசெய்யும் ஏற்பாடுகள் அத்தனையையும் ஆராய்ந்து பார்த்த பிறகே மறுக்கலாம் என்றது அந்த விதி. எனவே அப்பா சில வாக்குறுதிகள் கொடுத்தார்: அம்மாவின் செலவுக்கு 30,000 டாலர் தருவேன், கஸ்டடி வழக்கு முடியும்வரை கிட்டே வரமாட்டேன், குற்றப் புகாரைக் கைவிட முயல்வேன், மனநலச் சிகிச்சைக்குப் போவேன். நீதிபதிக்கு இது போதும் என்று பட்டது.

மேல்முறையீட்டில் இது நிற்கவில்லை. அப்பா வாக்கை மீறினால் அமெரிக்க நீதிமன்றம் இத்தாலியில் என்ன செய்ய முடியும்? ஒன்றும் முடியாது. சொன்னதைச் செய்வார் என்று நம்புவதற்கும் அவர் நடத்தையில் எதுவும் இல்லை. வழக்கு கீழே திரும்பியது. அடுத்து ஏறத்தாழ ஒன்பது மாதம், இத்தாலியில் என்ன பாதுகாப்பு கிடைக்கும் என்று தேடுவதிலேயே போயிற்று. இந்த முறை மிலான் நீதிமன்றமே அப்பா கிட்டே வரக் கூடாது என்று ஓராண்டுக்குத் தடை போட்டது, மகனை மேற்பார்வையோடுதான் பார்க்கலாம் என்றது. தொகையும் 150,000 டாலராக ஏறியது. மறுபடியும் திருப்பி அனுப்ப உத்தரவு, இந்த முறை மேல்முறையீட்டு நீதிமன்றமும் சரி என்றது.

உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தப் பழைய விதியை எடுத்துவிட்டது. கடும் ஆபத்து நிரூபணமானால் எல்லா ஏற்பாடுகளையும் தேடிப் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் ஒப்பந்தத்தில் இல்லை என்றது. ஏற்பாடுகளைப் பரிசீலிப்பது நீதிபதியின் விருப்புரிமை. ஆனால் பிள்ளையின் பாதுகாப்பு முதலில் வர வேண்டும், கஸ்டடி வழக்கையே இங்கே நடத்திவிடக் கூடாது, இழுத்தடிக்கவும் கூடாது. ஆபத்து மிகப் பெரிதாக இருந்தாலோ, அப்பா உத்தரவுக்குக் கட்டுப்பட மாட்டார் என்று தெரிந்தாலோ, ஏற்பாடுகளைப் பார்க்காமலே மறுக்கலாம்.

அம்மா ஜெயித்துவிட்டார் என்றுதான் தோன்றும். ஆனால் விருப்புரிமை என்றால் இரண்டு பக்கமும் போகும். 2022 ஆகஸ்ட் கடைசியில் கீழ் நீதிமன்றம் மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பவே உத்தரவிட்டது. அதன்மீதான மேல்முறையீடு முடிவதற்குள், அந்த அக்டோபரில், அம்மா இறந்துபோனார். ஆறு வாரத்தில் முடிய வேண்டிய வழக்கு நான்கு ஆண்டைத் தாண்டியிருந்தது. ஒப்பந்தத்தை ஆதரிக்கிறவன்தான் நான், ஆனால் இந்த ஒன்பது மாதத் தேடலுக்கு என்னால் சமாதானம் சொல்ல முடியாது. ஆபத்து என்று தீர்ப்பெழுதிவிட்டு, அதைத் துடைக்க வழி தேடும் வேலையை நீதிமன்றம் தன் தலையில் போட்டுக்கொண்டது.

ஆக, இந்த வழக்குகளில் உண்மையான சண்டை அங்கே கிடைக்கும் பாதுகாப்பு வேலை செய்யுமா என்பதில்தான். அதனால் அப்படி வருகிறவர்களிடம் நான் கேட்பது வேறு மாதிரி இருக்கும். அந்த நாட்டில் போலீஸுக்குப் போனீர்களா, போனபோது என்ன நடந்தது? முன்பு தடை உத்தரவு வாங்கி அவர் அதை மீறியிருக்கிறாரா? மீறியிருந்தால் அந்த ஒரு தாள், பத்து மருத்துவச் சான்றிதழைவிடக் கனம். வாக்குறுதி எதையும் காற்றில் விட்ட வரலாறு உண்டா? அடி விழுந்தபோது பிள்ளை எங்கே இருந்தது, அதன் தூக்கத்திலோ பேச்சிலோ மாற்றம் வந்ததா, அதை மருத்துவரோ ஆசிரியரோ குறித்து வைத்திருக்கிறார்களா? அப்புறம் விசா. அம்மாவுக்கு அந்த நாட்டில் தங்க அனுமதி இருக்கிறதா, போய் இறங்கினால் பிள்ளைக் கடத்தல் புகாரில் கைது ஆவாரா? இவற்றுக்குப் பதில் இல்லாமல் "அம்மாவோடு பத்திரமாகத் திரும்பும்" என்று உத்தரவில் எழுதுவது வெறும் ஆசை.

"நான் போகவே மாட்டேன், நான் இல்லாமல் பிள்ளை தவிக்கும்" என்பதை மட்டும் வாதமாக வைக்காதீர்கள். நீங்களே உண்டாக்கிய ஆபத்து என்று நீதிபதி ஒதுக்கிவிட வாய்ப்பு அதிகம். போக முடியாததற்கு வெளிக்காரணம் காட்ட வேண்டும்.

இங்கிலாந்தில் பாதை கொஞ்சம் வேறு. அங்கே உச்ச நீதிமன்றம் 2011இல் சொன்ன முறைப்படி, அடித்தாரா என்று நீண்ட விசாரணை நடத்துவதற்குப் பதில், அம்மா சொல்வது உண்மையாகவே இருந்தால் ஆபத்து கடுமையானதா என்று முதலில் பார்ப்பார்கள். ஆம் என்றால், அதிலிருந்து பிள்ளையைக் காக்க, திரும்பிப் போகும் நாட்டில் போதிய ஏற்பாடு உண்டா என்று பார்ப்பார்கள். பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றி 1996ஆம் ஆண்டு வந்த இன்னொரு ஹேக் ஒப்பந்தத்திலும் இரு நாடுகளும் இருந்தால், பிள்ளை வந்து சேர்ந்த நாட்டில் போட்ட அவசரப் பாதுகாப்பு உத்தரவை, திரும்பிப் போகும் நாட்டிலும் அமல்படுத்தலாம். அமெரிக்கா அதில் கையெழுத்திட்டதோடு சரி, இன்னும் உறுதிசெய்யவில்லை. மிலான் வழக்கு அத்தனை காலம் அலைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

நீங்கள் இந்தியாவைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றால் மேலே சொன்னது பொருந்தாது. இந்தியா இந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. சென்னையிலோ கோவையிலோ வந்து இறங்கிய பிள்ளைக்காக வெளிநாட்டில் இருக்கும் அப்பா உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுதான் போடுவார். கோவைக்கு இரண்டு மகள்களோடு வந்த ஒரு அம்மாவின் வழக்கில், 2015இல் உச்ச நீதிமன்றம் இங்கிலாந்து நீதிமன்றத்தின் உத்தரவுக்குப் பெரிய மதிப்புக் கொடுத்தது. 2017இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த அணுகுமுறையை ஏற்கவில்லை. பிள்ளையின் நலன்தான் முதன்மை, வெளிநாட்டு உத்தரவு கணக்கில் எடுக்கும் பலவற்றில் ஒன்று என்றது. இலங்கை 2001இல் ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டது. ஆனால் அப்படிப் பின்னால் சேர்ந்த நாட்டோடு, அதன் சேர்க்கையை ஏற்ற நாடுகளுக்கு இடையே மட்டுமே ஒப்பந்தம் செல்லும். பிள்ளை எந்த இரண்டு நாடுகளுக்கு இடையில் நகர்ந்தது என்று சொன்னால், உங்கள் விஷயத்தில் ஒப்பந்தம் பொருந்துமா என்பதைக் கீழே கருத்தில் எழுதுகிறேன்.