வேலை போனவரிடம் முதல் பேச்சு

வணக்கம். சோழிங்கநல்லூரில் ஒரு ஐடி நிறுவனத்தில் இருக்கிறேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனியரைத் திங்கட்கிழமை எச்ஆர் கூப்பிட்டுப் பேசி, மாலையே லேப்டாப்பை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். என் வேலை தப்பித்தது. இன்று வியாழன். அவருக்குப் போன் செய்யக் கை வரவில்லை. எப்படிப் பேச்சைத் தொடங்குவது?
– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இன்றே தொடர்புகொள்ளுங்கள். சரியான வார்த்தைக்காக நீங்கள் காத்திருப்பது அவருக்குத் தெரியாது. யார் பேசினார்கள், யார் பேசவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

எடுத்த எடுப்பில் போன் வேண்டாம். பலர் இந்தச் செய்தியை வீட்டில் உடனே சொல்வதில்லை. வழக்கம்போல் பையை மாட்டிக்கொண்டு காலையில் கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. பக்கத்தில் மனைவியோ அப்பாவோ இருக்கும்போது நீங்கள் அழைத்தால் அவர் திணறிப்போவார். “அண்ணா, உங்ககிட்ட பேசணும்போல இருக்கு. எப்போ கூப்பிடட்டும்?” என்று வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். போன் திரையில் வேறு யார் பார்த்தாலும் அதில் ஒன்றும் தெரியாது.

பேசும்போது சுற்றி வளைக்காதீர்கள். “விஷயம் தெரிஞ்சுது அண்ணா, ரொம்ப கஷ்டமா இருக்கு” என்பது போதும். “ஏன் உங்களை மட்டும்?” என்று கேட்காதீர்கள், அதே கேள்வியை எச்ஆரிடம் கேட்டுப் பதில் கிடைக்காமல்தான் அவர் வந்திருப்பார். “உங்க திறமைக்கு உடனே கிடைச்சிடும்” என்பதும் வேண்டாம். இரண்டு மாதம் கிடைக்காமல் போனால் உங்கள் அழைப்பை எடுக்கவே கூசுவார்.

அதற்குப் பதில், அவர் வேலையைப் பற்றி உங்களுக்கு நேரடியாகத் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள். “அந்த ரிலீஸ் அன்னிக்கு ராத்திரி பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தீங்களே, அதனாலதான் இன்னிக்கு நான் தனியா டிப்ளாய் பண்றேன்.” இப்படி அனுப்பப்படுகிறவர்களிடம் பெரும்பாலும் ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்றுதான் காரணம் சொல்கிறார்கள். இத்தனை வருடம் செய்ததெல்லாம் சரிதானா என்று மனிதர் தன்னையே சந்தேகிக்கத் தொடங்குவது அங்கேதான். கூட உட்கார்ந்து வேலை பார்த்தவர் சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு.

“ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க” என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். குறிப்பாக ஒன்றைச் சொல்லுங்கள். கம்பெனியின் குரூப் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற வழி உண்டு, ஆனால் அதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாமல் விண்ணப்பிக்க வேண்டும். வயதான பெற்றோர் அந்தப் பாலிசியில் இருந்தால் இது பெரிய விஷயம். லேப்டாப்பும் மெயிலும் போனவருக்கு யாரிடம் கேட்பது என்றே தெரியாது. “இன்ஷூரன்ஸ் டெஸ்க் நம்பர் நான் வாங்கித் தரட்டுமா?” என்று கேளுங்கள்.

வேறு கம்பெனிக்கு அவரைப் பரிந்துரைப்பதாக இருந்தால், கையெழுத்து வாங்கிய தாளில் என்ன இருக்கிறது என்பதை அவரே சொல்லட்டும். பெரும்பாலும் ராஜினாமா என்றுதான் எழுதி வாங்குகிறார்கள். நீங்கள் நல்லெண்ணத்தில் “லே-ஆஃப் ஆயிட்டார்” என்று சொல்லிவைத்தால், அவர் இன்டர்வியூவில் சொல்வதும் அதுவும் ஒத்துப்போகாது.

டீமைப் பற்றி அவர் கேட்டால் உள்ளதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். அவர் வேலையும் உங்கள் தலையில் விழுந்த கதையை மட்டும் அவரிடம் சொல்ல வேண்டாம்.