பக்கத்து வீட்டு ஆச்சி முகம் கொடுப்பதில்லை

“காரைக்குடிக்கு வந்து மூன்று மாதம். மதிலுக்கு மேலே வணக்கம் சொன்னால் ஆச்சி தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறார்.”

வணக்கத்தை விடுங்கள். “ஆச்சி, காப்பி ஆச்சா?” என்று கேளுங்கள். வணக்கம் தலையாட்டலோடு முடிந்துவிடும், கேள்விக்குப் பதில் வரும்.

நேரமும் காரணமாக இருக்கலாம். இங்கே பழைய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பகலில் அவர் பின்கட்டில் அடுப்படிப் பக்கம்தான் இருப்பார், முன்னால் வந்தால் ஏதோ வேலையாக வந்திருப்பார். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, மாவுக்கிண்ணத்தோடு நிமிரும்போது கேட்டுப் பாருங்கள்.

பத்து நாள் கேட்டுவிட்டு ஒருநாள் வெளியூர் போய் வாருங்கள். “நேத்து காணோமே?” என்று அவரே கேட்டால், உங்கள் வாசலையும் கவனிக்கத் தொடங்கிவிட்டார். அப்புறம் சாவியைக்கூடக் கொடுத்துப் போகலாம்.

ஆனால் “தனியாவா இருக்கீங்க?” என்று மட்டும் கேட்காதீர்கள். பெரிய வீட்டில் தனியாக இருப்பவருக்கு அது பயத்தைத்தான் தரும்.