எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலருக்கு பேக்கா, ஏஏ செல்லா?

"கும்பகோணத்தில் இருக்கிறேன். கன்ட்ரோலருக்கு வாரம் 70 ரூபாய்க்கு ஏஏ செல் போகிறது. ரீசார்ஜ் பேக் வாங்கலாமா?"

நான் பேக் பக்கம் போக மாட்டேன். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏ செல் நான்கும் சார்ஜரும் வாங்குங்கள். 1,500 ரூபாய் ஆனாலும் ஐந்து மாதத்தில் போட்டது வந்துவிடும். இரண்டு கன்ட்ரோலரில், இரண்டு தயாராக. மதியம் கரன்ட் போனாலும் கவலையில்லை.

பேக்கில் கேபிளைச் செருகியபடியே சார்ஜ் ஏற்றலாம், அது வசதிதான். ஆனால் சில வருடத்தில் சார்ஜ் நிற்காமல் போனால், அதே மாடலுக்கான பேக்கைத் தேட வேண்டும்.

ஒன்று: இந்தச் செல் 1.2 வோல்ட், சாதா செல் 1.5. அதனால் பேட்டரி அளவு தவறாகக் காட்டும், கடைசியில் சட்டென்று அணையும். பழுதென்று நினைக்காதீர்கள். அப்புறம், ஜோடியை மாற்றிக் கலக்காதீர்கள். பலவீனமான செல் மற்றதற்கு முன்பே காலியாகிக் கெட்டுப்போகும்.