மண்டப முன்பணமும் ரத்துக் கட்டணமும்: கேள்வி பதில்

செந்தூல்: அக்கா, தை முகூர்த்தத்துக்கு மண்டபம் 12,000 வெள்ளி. முதலில் 3,000, பிறகு 6,000 கட்டினோம். இன்னும் நான்கு மாதம் இருக்கும்போது கல்யாணம் நின்றுவிட்டது. ஒரு காசும் தரமாட்டோம் என்கிறார்கள்.

தம்பி, இரண்டு தொகையையும் தனித்தனியாகப் பாருங்கள். 3,000 தேதியைப் பிடித்து வைத்ததற்கு. அதை விட்டுவிடத் தயாராகுங்கள். 6,000 வாடகையில் ஒரு பகுதி. அதற்கான ரசீதில் ‘டெபாசிட்’ என்று இருக்கிறதா, ‘பார்ட் பேமண்ட்’ என்று இருக்கிறதா? பதினான்கு வருடம் முன்பதிவு மேசையில் உட்கார்ந்தவள் சொல்கிறேன், பாதி வழக்கு அந்த ஒரு சொல்லில்தான் நிற்கும்.

மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 75ஆவது பிரிவு. தாளில் எந்தத் தொகை எழுதியிருந்தாலும், அதற்குள் நியாயமான இழப்பீடுதான் எடுக்கலாம். கியூபிக் எலக்ட்ரானிக்ஸ் வழக்கில் 2018இல் கூட்டரசு நீதிமன்றம், டெபாசிட்டுக்கும் இது பொருந்தும் என்றது. ஆனால் தொகை அநியாயம் என்று காட்டும் பொறுப்பு ரத்து செய்தவருடையது. அதனால் ஆதாரம் தேட வேண்டியது நீங்கள்.

தை முகூர்த்த நாள் சும்மா கிடக்காது. உறவுக்காரர் ஒருவரை விட்டு, அந்தத் தேதி காலியா என்று வாட்ஸ்அப்பில் கேட்கச் சொல்லுங்கள். ‘புக் ஆகிவிட்டது’ என்று பதில் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வேறு ஒருவர் 9,000க்கு எடுத்திருந்தால்கூட மண்டபத்தின் நஷ்டம் 3,000தான், அது உங்கள் முன்பணத்தோடு சரியாகிவிடும். அப்போது 6,000ஐத் தைரியமாகக் கேளுங்கள். யாருமே எடுக்கவில்லை என்றால் கதை வேறு. மின்சாரம், துப்புரவு, ஆள்கூலி என்று 2,000 மிச்சமானாலும் அவர்களுக்கு 10,000 போச்சு. உங்கள் 9,000ஐ வைத்துக்கொள்வது அநியாயம் என்று வாதாடுவது கடினம்.

ரத்து செய்வதை இன்றைக்கே எழுத்தில் அனுப்புங்கள். ஒவ்வொரு வாரம் தள்ளும்போதும் அந்தத் தேதி மறுபடி விற்கும் வாய்ப்பு குறைகிறது.

பட்டர்வொர்த்: ரத்து செய்தால் 5 சதவீதத்துக்கு மேல் எடுக்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறதே?

பாதி சரி. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அது. தொடர்ச்சியாகக் கிடைக்கும் சேவைக்கு உரியது, உடற்பயிற்சி நிலையச் சந்தா மாதிரி. அதிலும் 5 சதவீதத்தோடு, அதுவரை பயன்படுத்திய சேவையின் செலவையும் எடுக்கலாம். ஒரு நாள் மண்டபத்துக்கு இதைக் காட்டாதீர்கள்.

பட்டர்வொர்த், மறுபடியும்: என் அலங்காரக்காரர் நிச்சயதார்த்தம், நலுங்கு, கல்யாணம், வரவேற்பு என்று இரண்டு மாதத்தில் நான்கு நாள் வருகிறார். அது தொடர்ச்சி இல்லையா?

நல்ல கேள்வி. ஒரே பாக்கேஜ், ஒரே விலை என்றால் நீங்கள் வாதாடிப் பார்க்கலாம். எனக்கு அது நான்கு தனி வேலையாகத்தான் படுகிறது.

கிள்ளான் அலங்காரக்காரர்: இருவரும் எங்கள் பக்கத்தை விட்டுவிட்டீர்கள். கேமரன் மலையிலிருந்து பூ வந்து இறங்கிய பிறகு ரத்து என்றால், அந்தச் செவ்வந்தியை நான் யாருக்கு விற்பது?

உங்கள் கோபம் நியாயம், அண்ணா. பூவுக்கான பில்லை அப்படியே வசூலியுங்கள். ஆனால் மணவறைத் தூணும் விளக்கும் அடுத்த வாரம் இன்னொரு கல்யாணத்துக்குப் போகுமே, அதற்கும் முழுத் தொகை கேட்காதீர்கள். பூ ஆர்டர் போடும் தேதியை ஒப்பந்தத்தில் எழுதி, அதற்கு முன் ரத்தானால் ஒரு தொகை, பின் ரத்தானால் ஒரு தொகை என்று வையுங்கள்.

கிள்ளான் அலங்காரக்காரர்: எழுதினால் வாடிக்கையாளர் பயந்து வேறு கடைக்குப் போகிறார்.

போகலாம். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஜார்ஜ்டவுன்: எங்களுக்கும் டெபாசிட் தரவில்லை. பிறந்தநாள் விழாவில் மூன்று நாற்காலி உடைந்ததாம்.

அது சேத டெபாசிட், அம்மா. விழா நடந்துவிட்டது, ரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாற்காலியின் படமும் விலை ரசீதும் கேளுங்கள். மூன்று நாற்காலிக்குப் போக மீதி உங்களுடையது.

பிரிக்பீல்ட்ஸ்: முன்பணம் திரும்பக் கிடைக்குமா?

செந்தூல் தம்பிக்கு எழுதியதைப் படியுங்கள். உங்கள் ரசீதில் என்ன சொல் இருக்கிறது என்று சொல்லாமல் இதே கேள்வியைக் கேட்பவர் இன்று நீங்கள் ஐந்தாவது ஆள்.

செராஸ்: வக்கீல் வைக்க வசதி இல்லை. எங்கே போவது?

பயனீட்டாளர் நடுவர் மன்றம், டிடிபிஎம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, கோரிக்கை 50,000 வெள்ளி வரை, மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வேண்டாம், நீங்களே பேசலாம். ரசீது, ஒப்பந்தம், வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் அச்செடுத்துக்கொண்டு போங்கள்.

செந்தூல்: அக்கா, சித்தி கேட்டுப் பார்த்தார். ‘அந்த நாள் போயிடுச்சு, மாசி பார்க்கிறீங்களா’ என்று பதில்.

சரி. அந்த ஸ்கிரீன்ஷாட்டில் தேதியும் மண்டபத்தின் எண்ணும் தெரிகிறதா என்று பாருங்கள். 6,000ஐத் திருப்பிக் கேட்டு, பதினான்கு நாள் கெடு வைத்து, இன்றிரவே கடிதம் எழுதுங்கள். 3,000ஐப் பற்றி அதில் ஒரு வரிகூட வேண்டாம்.